இல்லாத கம்பியைப் போட்டால் தடை குறைந்துவிடாதா?

கேள்வி: "12 ஒரு கிலோஓம் ரெசிஸ்டர்களைக் கனசதுரமாகப் பற்றவைத்தேன். எதிரெதிர் மூலைகளில் மீட்டர் 830 ஓம் சொச்சம் காட்டுகிறது. மூன்று மூலைகளை ஒரே புள்ளியாகச் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். இல்லாத கம்பியைப் போட்டால் தடை குறைந்துவிடாதா? எந்த மூலைகளுக்கும் இப்படிச் செய்யலாமா?"

முதலில் அந்த மூன்று மூலைகளைப் பார்ப்போம். மின்சாரம் நுழையும் மூலை A, வெளியேறும் மூலை G என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல்களால் A-யையும் G-யையும் பிடித்துக்கொண்டு கனசதுரத்தை மூன்றில் ஒரு பங்கு சுற்று சுற்றுங்கள். A-க்குப் பக்கத்து மூன்று மூலைகளும் ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று வந்து நிற்கும், சுற்று மட்டும் பார்க்க முன்பு போலவே இருக்கும். அப்படியானால் மூன்றின் மின்னழுத்தமும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். அழுத்தம் சமமான இடங்களுக்கு இடையே கம்பி போட்டாலும் அதில் மின்சாரம் ஓடாது. ஓடாத கம்பியால் தடை எப்படி மாறும்? G-க்குப் பக்கத்து மூன்றுக்கும் இதே நியாயம்தான்.

சேர்த்த பிறகு எண்ணிப் பாருங்கள்: A-யிலிருந்து 3 ரெசிஸ்டர்கள், நடுவில் 6, கடைசியில் 3. ஒவ்வொரு கூட்டமும் பக்க இணைப்பு, மூன்று கூட்டங்களும் தொடர் இணைப்பு.

R/3 + R/6 + R/3 = 5R/6

உங்களுக்கு அது 833 ஓம். மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க A, G இடையே 5 வோல்ட் கொடுங்கள். மொத்தம் 6 மில்லிஆம்பியர் ஓடும். A-யில் மூன்றாகப் பிரிந்து 2, அடுத்த மூலையில் இரண்டாகப் பிரிந்து 1, பிறகு சேர்ந்து மீண்டும் 2. எனவே மூலைகளின் அழுத்தம் 5, 3, 2, 0 என்று இறங்கும். 3 வோல்ட் மூலைகள் இரண்டுக்கு இடையே மீட்டரை வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். 5 சதவீத ரெசிஸ்டர்கள் என்றால் சில பத்து மில்லிவோல்ட் வரலாம், கவலை வேண்டாம். அரை வோல்ட்டைத் தொட்டால் எங்கோ தவறான ரெசிஸ்டரோ, விட்டுப்போன பற்றோ இருக்கிறது. (ஓம் அளக்கும்போது மட்டும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.)

எந்த மூலைகளுக்கும் இதே மூன்றைச் சேர்க்கக் கூடாது. பல மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரே முகத்தின் எதிர் மூலைகளான A, C இடையே அளந்தால் அந்தச் சுழற்சி ஒத்துவராது. A-யின் அண்டை மூலைகளில் இரண்டு C-க்கும் அண்டை, மூன்றாவது அப்படியல்ல. இங்கே A-யும் C-யும் ஒன்றுக்கொன்று பிம்பமாகத் தெரியும்படி நடுவில் ஒரு கண்ணாடி நிற்பதாக நினையுங்கள். A-க்கும் C-க்கும் சமதூரத்தில் இருக்கும் நான்கு மூலைகளும் சரிபாதி அழுத்தத்தில் நிற்கும், அந்த நான்கையும்தான் சேர்க்க வேண்டும். அவற்றுக்குள்ளேயே இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களில் எதுவும் ஓடாது, கழற்றிப் போட்டாலும் அளவு மாறாது. பாதிப் பயணத்துக்கு R/2-உம் 3R/2-உம் பக்க இணைப்பில் நின்று 3R/8 தரும். முழுப் பயணம் 3R/4, அதாவது 750 ஓம். உங்கள் கனசதுரத்திலேயே அளந்து பார்க்கலாம்.