ஓய்வு பெறும்போது கடையை என்ன விலைக்குக் கொடுப்பது?

"தேக்காவில் 20 வருஷமா மளிகைக் கடை. ஓய்வு பெறப் போறேன். என்ன விலை சொல்லலாம், யார்கிட்ட கேட்கலாம்?"

கைமாற்று விலை என்பது நீங்கள் விலகிய பிறகும் கடை தரப்போகும் லாபத்தின் விலை. மாடு வாங்குபவர் தீவனச் செலவு போக மிஞ்சும் பாலைத்தான் பார்ப்பார்.

ஆண்டு லாபம் 90,000 வெள்ளி என்று வைப்போம். சம்பளம் எடுக்காமல் நீங்களே கல்லாவில் இருந்திருந்தால், அந்த இடத்துக்கு ஆள் வைக்க மாதம் 3,500 வெள்ளியும், முதலாளியின் 17% மத்திய சேமநிதிச் சந்தாவும் சேர்த்து ஆண்டுக்கு 49,140 ஆகும். மிச்சம் 40,860 மட்டுமே. இரண்டு ஆண்டில் முதலை எடுக்க நினைப்பவர் சுமார் 82,000 தருவார். சரக்குக்குக் கொள்முதல் விலையில் தனிக் கணக்கு.

வாடகை ஒப்பந்தம் எட்டு மாதத்தில் முடிகிறதென்றால் அந்த விலை நிற்காது. முதலில் கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு நீண்டநாள் ஊழியரிடமும் சரக்கு போடுபவரிடமும் கடையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். கடையின் ஓட்டம் அவர்களுக்குத் தெரியும்.

புதுப்பிப்புக்குச் செலவழித்தது அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; வாங்குபவர் அதைத் தனியாக எண்ணுவதில்லை.