வெட்டி ஒட்டிய கார் ஏன் மிதக்கிறது?

ஷோரூமில் போட்டோ எடுத்த வெள்ளை காரை வெட்டி, மழையில் நனைந்த தார்ச்சாலைப் படத்தில் வைத்தேன். நிழலும் போட்டாச்சு. ஆனாலும் மிதக்கிற மாதிரியே இருக்கு, ஏன்?

முதலில் கோணத்தைப் பாருங்கள். காரின் ஒரே பக்கத்து இரண்டு டயர்களின் அடியைத் தொட்டு ஒரு கோடு, அதே பக்கத்துக் கதவுக் கைப்பிடிகள் வழியாக இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் புள்ளி சாலைப் படத்தின் தொடுவான உயரத்தில் விழ வேண்டும். விழவில்லையென்றால் வேறு சாலைப் படம் தேடுவதே மேல்.

அது சரியாக இருந்தால், குறை நிழலில்தான். ஒரே மங்கல் நிழல் போதாது. டயர் தரையை அழுத்தும் இடத்தில் வெளிச்சம் நுழைய வழியில்லை. அங்கே ஒல்லியாக, ஏறக்குறைய கறுப்பாக, கூர்மையான விளிம்போடு ஒரு நிழல் வேண்டும். வண்டியின் அடியில் அகலமான மென்மையான நிழலைத் தனி லேயரில் போடுங்கள். இரண்டு நிழலுக்கும் லேயரின் blend mode Multiply. நிறத்தைச் சாலையின் இருண்ட பகுதியிலிருந்தே எடுங்கள், சுத்தக் கறுப்பு ஒட்டாது.

ஈரச்சாலை என்பதால் பிரதிபலிப்பும் தேவை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கார் கேமராவுக்குச் சாய்வாக நிற்கும்போது முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பினால் ஒரு சக்கரம் ஒட்டும், மற்றதன் கீழே இடைவெளி விழும். பக்கவாட்டையும் முகப்பையும் தனித்தனியாக வெட்டித் திருப்பி, ஒவ்வொரு டயரும் தன் பிம்பத்தைத் தொடும்வரை Skew செய்யுங்கள்.

அப்புறம் கதவின் கீழ்ப்பாதி. அதில் இன்னமும் ஷோரூம் டைல்ஸ் பளபளக்கும். அதன் மேல் சாலையின் சாம்பல் நிறத்தை லேசாகத் தடவுங்கள்.