வசூலும் பேரேடும் ஒரே கையில் இருந்தால்

"மொத்தம் மூன்று பேர்தான். கடன் வசூலிப்பதும் கணக்கு எழுதுவதும் ஒருவரே. இன்னொரு ஆள் போட வசதியில்லை. என்ன செய்வது?"

ஆள் தேவையில்லை. வசூல் அவரிடமே இருக்கட்டும், வாடிக்கையாளர் பேரேட்டை மட்டும் நீங்கள் எழுதுங்கள். ரசீதுப் புத்தகத்தின் நகலைப் பார்த்து எழுத வாரம் ஒரு மணி நேரம் போதும்.

காரணம் சொல்கிறேன். திங்களன்று முதல் வாடிக்கையாளர் தரும் 10,000ஐ அவர் எடுத்துக்கொள்கிறார். வியாழனன்று இரண்டாமவர் தரும் 10,000ஐ முதலாமவர் கணக்கில் வரவு வைக்கிறார். அடுத்து மூன்றாமவர் பணம் இரண்டாமவர் கணக்குக்குப் போகும். வங்கியில் கட்டியதும் ரொக்கப் புத்தகமும் அச்சாகப் பொருந்தும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இது ஒன்றரை வருடம் ஓடியது. அந்த ஆள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. நாங்களோ அவரைப் பொறுப்பானவர் என்று நினைத்தோம்!

இப்போதே சோதிக்க, பத்து ரசீதுகளை எடுத்து, ரசீதுத் தேதியையும் பேரேட்டில் வரவு வைத்த தேதியையும் ஒப்பிடுங்கள். மூன்று நான்கு நாள் இடைவெளி அடிக்கடி வந்தால் தோண்டிப் பாருங்கள். ரசீதே தராமல் வாங்கியது இதில் சிக்காது. அதற்கு மாதாமாதம் பாக்கி விவரத்தை வாடிக்கையாளருக்கு நீங்களே நேரடியாக அனுப்ப வேண்டும். தள்ளுபடிக்கும் வாராக்கடனுக்கும் உங்கள் கையெழுத்து கட்டாயம், இல்லாவிட்டால் எடுத்த பணத்தை அங்கே மறைத்துவிடலாம்.