வாட்டர்ப்ரூஃப் பூட்ஸுக்குள் சாக்ஸ் எப்படி நனைந்தது?

கேள்வி: ஜூலையில் வால்பாறை போவதற்காகக் கணுக்கால் வரை மூடும் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வாங்கினேன். விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். உள்ளே சவ்வு இருக்கிறது, தண்ணீர் வராது, ஆனால் காற்று போகும் என்றார் கடைக்காரர். இரண்டு மணி நேர நடையில் சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. பூட்ஸ் ஒழுகுகிறதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள், செலவில்லாதது. உலர்ந்த சாக்ஸ் போட்டு, அதன் மேல் ஓட்டையில்லாத மெல்லிய பாலிதீன் கவரை மாட்டி, அப்புறம் பூட்ஸைப் போடுங்கள். பெரிய பேசினில் நாக்குப் பகுதி தைத்திருக்கும் உயரத்துக்குக் கீழே வரை தண்ணீர் ஊற்றி, அதற்குள் நின்று கால் மணி நேரம் பாதத்தை மடக்கி மடக்கி மிதியுங்கள். சும்மா நின்றால் போதாது, விரல் மடங்கும் இடத்தில் இருக்கும் விரிசல் மடக்கினால்தான் வாய் திறக்கும். கழற்றும்போது கவரின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் பூட்ஸ் ஒழுகுகிறது. கவர் உலர்ந்திருந்து உள்ளே சாக்ஸ் மட்டும் நசநசவென்று இருந்தால் அது உங்கள் வியர்வை.

என் ஊகம், வியர்வைதான். ஒழுகல் என்றால் முதலில் ஒரு இடத்தில் சில்லென்று தெரியும், பெரும்பாலும் ஒரு காலில் மட்டும். வியர்வை இரண்டு காலிலும் ஒரே மாதிரி, வெதுவெதுப்பாகப் பரவும். (இதில் பூட்ஸின் வாய் வழியாக, பேன்டிலிருந்து வழிந்து இறங்கும் மழையைச் சேர்க்கவில்லை. அதைத் தடுக்க எந்தச் சவ்வாலும் முடியாது, அதோடு உள்ளே போன தண்ணீரை வெளியே விடாததும் அதே சவ்வுதான்.)

கடைக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். காற்று போகாது, நீராவிதான் போகும். கோர்டெக்ஸ் வகைச் சவ்வு, பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிறாரே டெஃப்லான் டேப், அந்தப் பொருளை இழுத்து நீட்டித்தான் பல காலமாகச் செய்யப்பட்டு வந்தது. பாப் கோர் 1969-இல் கண்டுபிடித்த வழி அது. இழுத்ததில் உண்டாகும் நுண்துளைகள் தண்ணீர்த் துளிக்குப் போதாது, தனித்தனி மூலக்கூறாகப் போகும் ஆவிக்குத் தாராளம். அதைச் சாக்ஸ் வடிவில் தைத்து, தையல் மேல் டேப் ஒட்டி, தோலுக்கும் உள் துணிக்கும் நடுவில் வைக்கிறார்கள்.

ஆனால் வழி இருந்தால் மட்டும் ஆவி போய்விடாது. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. பூட்ஸுக்குள் சுமார் 35 டிகிரி, ஈரம் முழுக்க நிறைந்த காற்று. அதில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம் ஆவி இருக்கும். ஸ்காட்லாந்தில் 5 டிகிரிக் குளிரில் நடப்பவருக்கு வெளிக்காற்றில் 5, 6 கிராம்தான், அதனால் உள்ளே இருப்பது வேகமாக வெளியேறும். மழைக்கால வால்பாறையில் 22 டிகிரி என்று வைத்தாலும் 18 கிராம் வந்துவிடும், தள்ளும் விசை ஸ்காட்லாந்தில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. அதே பூட்ஸைச் சென்னையில் 32 டிகிரிப் புழுக்கத்தில் போட்டால் வெளியிலேயே 25 கிராம், பாதி விசைகூட மிஞ்சாது.

பெட்டியில் எழுதாத இன்னொரு விஷயம், பாதத்தின் அடிப்பக்கம். வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பது அங்கேதான், அதற்குக் கீழேயோ ஃபோமும் ரப்பர் சோலும். விரல் முனையைச் சுற்றியும் ரப்பர் பட்டை. ஆகவே ஆவி மேல்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும், அந்த மேல்தோலும் மழையில் ஊறிக் கனத்துவிட்டால் அதன் துளைகளில் தண்ணீர் நின்று வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஆவி உள்ளே தண்ணீராகிவிட்டால், மறுபடி ஆவியானால்தான் போக முடியும். அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில் பருத்தி சாக்ஸை மிஞ்ச ஆளில்லை.

சரி, என்ன செய்வது? கவர் ஈரமானால் வீடியோ எடுத்துக்கொண்டு பில்லோடு கடைக்குப் போங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கவர் உலர்ந்திருந்தால் பூட்ஸில் குறை இல்லை, சண்டை வேண்டாம். சேற்றைக் கழுவிக் காயவைத்து, நீர் ஒட்டாமல் உருள வைக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். கம்பளி கலந்த சாக்ஸ் போடுங்கள், நடுவழியில் மாற்ற ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இரவில் இன்சோலை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். ஹீட்டர் பக்கம் வைத்தால் பசை விட்டுப்போகும்.

நம் சமவெளிக்கும் கோடைக்கும் என்றால் நான் சவ்வு இல்லாத வலைத்துணி ஷூவைத்தான் வாங்குவேன். நனையும்தான், ஆனால் நடக்க நடக்கத் தண்ணீர் வெளியேறி, மழை விட்டதும் காயத் தொடங்கிவிடும். சவ்வு பூட்ஸை இமயமலைக் குளிருக்கு எடுத்து வையுங்கள். வால்பாறை இரண்டுக்கும் நடுவில், அங்கே அட்டைக்காகவாவது உயரமான பூட்ஸ் வேண்டும் என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.