விற்காத சுடிதார் சரக்குக்கு எவ்வளவு நஷ்டம் எழுதுவது?

"பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. 60 சுடிதார் செட் தேங்கிவிட்டது, வாங்கிய விலை தலா 80 ரிங்கிட். ஆண்டுக் கணக்கில் எவ்வளவு குறைப்பது?"

முதலில் ஒவ்வொரு ரகமும் கடைசியாக விற்ற தேதியைப் பாருங்கள். ஸ்டாக் பட்டியலில் தெரியும் ‘கடைசி அசைவு’ தேதியை நம்பாதீர்கள். கிளைக்கு மாற்றினால்கூட அது புதிதாகிவிடும். ஒரு தீபாவளி முழுக்க ஒன்றும் போகவில்லை என்றால் அது செத்த சரக்குதான்.

பொத்தாம்பொதுவாகப் பாதி விலை என்று எழுதுவது சரியில்லை. இனி கைக்கு வரும் தொகை வாங்கிய விலையைவிடக் குறைந்தால், அந்த வித்தியாசம்தான் நஷ்டம். 40 செட் தலா 50 ரிங்கிட்டுக்குப் போகும், விற்கும் செலவு 5 என்றால், மிஞ்சுவது 45. குறைப்பது 35 வீதம் 1,400. சாயம் மங்கிய 20 செட்டுக்கு மொத்த வியாபாரி 10 ரிங்கிட்தான் தருவார் என்றால், 70 வீதம் இன்னொரு 1,400. ஆக, 2,800.

அப்புறம், அந்த 40 செட்டை தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்பே தனி மேசையில் போடுங்கள். புதுச் சரக்கோடு கலந்தால் அதன் விலையையும் இழுத்துவிடும். மங்கியதை மொத்தமாக இப்போதே தள்ளிவிடுங்கள். அடுத்த வருடம் அந்த 10 ரிங்கிட்கூடக் கிடைக்காது.