மாப்பிள்ளையின் தாடை: பொரியைத் தனியாக எடுங்கள், கருமையைத் தனியாக எடுங்கள்

"அண்ணன் கல்யாணத்துல எடுத்த க்ளோசப் படம் ஒன்னு. தாடை முழுக்க ஷேவிங் பொரியும், ஷேவ் பண்ண இடத்துல கருநீலமா ஒரு நிழலும் தெரியுது. போட்டோஷாப்ல ஸ்மூத் பண்ணினா முகம் மெழுகு மாதிரி ஆயிடுது. மூஞ்சி மாறாம இதை எப்படிக் குறைக்கறது?"

மெழுகு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்த மெழுகுக்கு நான் கைக்காசு கொடுத்திருக்கிறேன்.

தர்மபுரியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம் எடுப்பதும் ஆல்பம் போடுவதும் நானேதான். 2017 தை மாதம் தீர்த்தமலையில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை பாலக்கோடு பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு புது பிளேடு போட்டு, மழமழவென்று இருக்க வேண்டும் என்று எதிர் ஷேவும் செய்துவிட்டிருக்கிறார்கள். சுருட்டை முடிக்காரர். அந்த மாதிரி முடி ஷேவ் செய்தபின் வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்தும், அதனால் பழைய பொரி ஏற்கெனவே இருந்தது, அதன்மேல் புது ஷேவ். தாலி கட்டி முடிந்ததும் ஏழரை மணி வெயில் பக்கவாட்டில் அடிக்க, 85 லென்ஸில் ஒரு க்ளோசப் எடுத்தேன். கண், சிரிப்பு எல்லாம் அருமையாக வந்த படம். ஆனால் பக்கத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு பொரிக்கும் ஒரு நிழல் விழும், நேர் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. லேயரை காப்பி எடுத்து Gaussian Blur 20 போட்டு, மாஸ்க்கில் தாடையை மட்டும் தேய்த்துவிட்டேன். மானிட்டரில் நன்றாகத்தான் இருந்தது. ஆல்பம் 12×36 ஷீட், அதில் பாதியை அந்த முகம் அடைத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைப் பிரித்து, தாடை மேல் விரல் வைத்து, "எம் பையன் மூஞ்சில என்னத்தப்பா தேச்சு வெச்சிருக்க, இது அவனே இல்ல" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஷீட்டை என் செலவில் மறுபடி போட்டேன். அதற்கு முன்னால் அதே படத்தைத் திறந்து வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்ததில் கற்றதுதான் கீழே இருப்பது.

நாம் தாடையில் பார்ப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. பொரி என்பது மேடு: வெளிச்சம் வரும் பக்கம் ஒரு பளபளப்பு, எதிர்ப்பக்கம் ஒரு குட்டி நிழல், நடுவில் கொஞ்சம் சிவப்பு அல்லது கருப்பு. கருமை என்பது மேடே இல்லை. தோலுக்குள் நிற்கும் கருப்பு முடியின் அடி தோல் வழியாகத் தெரிவதுதான் அது, அதனால் நிறம் சாம்பலாகவோ நீலமாகவோ போகிறது. பிளர் செய்யும்போது மேடும் போகிறது, தோலின் துவாரமும் போகிறது, ஆனால் கருமை மட்டும் அப்படியே பரவி நிற்கிறது. மெழுகு வருவது அதனால்தான்.

முதலில் பொரி. மேலே ஒரு காலி லேயர் போட்டு Healing Brush எடுங்கள், Sample என்ற இடத்தில் Current & Below வையுங்கள். பிரஷ் அளவு பொரியை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும், ஓரம் ரொம்ப மிருதுவாக வேண்டாம். Alt அழுத்தி எந்த இடத்துத் தோலை எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் கன்னத்திலிருந்து எடுப்பார்கள், நானும் எடுத்தேன். கன்னத்தில் தாடி முடியின் துவாரம் கிடையாது. அதைக் கொண்டுவந்து தாடையில் வைத்தால், படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போது வட்ட வட்டமாகக் காசு ஒட்டியது போல மழமழப்பாகத் தெரியும். இரண்டு பொரிக்கு நடுவில் சுத்தமாக இருக்கிற தாடைத் தோலையே எடுங்கள், அதுவும் அதே வெளிச்சம் விழும் பக்கத்திலிருந்து. அந்தப் படத்தில் நாற்பது பொரிக்குக் கிட்ட இருந்தது. பெரியது, சிவந்தது என்று முப்பதை எடுத்தேன், மீதியை விட்டேன். எடுத்த லேயரின் Opacity-யையும் 85-க்குக் குறைத்தேன். முழுசாக எடுத்தால் நேற்றுப் பார்த்தவர்களுக்கே ஆள் வேறாகத் தெரியும்.

அடுத்து நிறம். இதில் யூடியூபில் பார்த்ததை அப்படியே செய்யாதீர்கள். அங்கே சொல்லும் ஆரஞ்சு நிறத்தை எடுத்து நம் தோலில் பூசினால் தாடையில் மஞ்சள் காய்ந்த மாதிரி ஒரு திட்டு விழும். நான் எண்ணைப் பார்ப்பேன். F8 அழுத்தினால் Info வரும். அந்தப் படத்தில் கன்னத்தில் R 172, G 126, B 98. தாடையில் R 128, G 104, B 92. கன்னத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே 74 இடைவெளி, தாடையில் வெறும் 36. தாடை இருட்டாக இருப்பது ஒரு விஷயம், ஆனால் இந்த இடைவெளி சுருங்கியதுதான் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது.

இதற்கு ஒரு காலி லேயர், Blend Mode-இல் Color. தாடி முடி ஆரம்பிக்கும் கோட்டுக்கு மேலே, பளபளப்பு இல்லாத கன்னத்துத் தோலிலிருந்து நிறத்தை எடுத்து, மிருதுவான பெரிய பிரஷ், Flow 4 வைத்து, மெதுவாகப் பல தடவை பூசுங்கள். Color என்பதால் வெளிச்சம், இருட்டு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். தாடை R 138, G 101, B 79 அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். இடைவெளி 59. கன்னத்தின் 74 வரை கொண்டுபோனால் முகத்தில் பவுடர் அப்பிய மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று நாலு படம் செய்தால் எங்கே நிறுத்துவது என்று கண்ணே சொல்லும்.

நிறம் சரியானபின் முடியின் புள்ளி தெரியும். மேலே இன்னொரு காலி லேயர் போட்டு Clone Stamp எடுத்து, Sample-ஐ Healing Brush-க்கு வைத்தது போலவே வைத்து, Mode-ஐ Lighten, Opacity-யை 20 வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் கொஞ்சம் வெளிறிய தோலை எடுத்து மேலே ஒரு தடவை ஓட்டினால், எடுத்த தோலை விட இருட்டாக இருக்கும் புள்ளி மட்டும் வெளுக்கும், வெளிச்சமான துவாரம் கெடாது. கடைசியில்தான் Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர், அதுவும் துளி. நடுவில் 110-ஐ 118 ஆக்கி, Ctrl+I போட்டு மாஸ்க்கைக் கருப்பாக்கி, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷ். தாடை எலும்புக்குக் கீழே, கழுத்துக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் நிழலைத் தொடாதீர்கள், அது முடியின் கருமை இல்லை, முகத்தின் அமைப்பு. அதை வெளுத்தால் தாடை கழுத்தோடு ஒட்டி முகம் வீங்கிவிடும். அதே சமயம் கழுத்தில் இருக்கும் பொரியை மறந்துவிட்டால், சுத்தமான முகத்தை ஒரு கழுத்தில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

பார்த்துக்கொள்ள ஒரு வழி: எல்லாவற்றுக்கும் மேலே Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டுப் பாருங்கள். நிறம் போய்விட்டால் வெளிச்சத் திட்டு தனியாகத் தெரியும். பார்த்துவிட்டு அதை அணைத்துவிடுங்கள்.

தோலின் நுணுக்கத்தை ஒரு லேயரிலும் நிறத்தையும் நிழலையும் அதற்குக் கீழ் லேயரிலும் பிரிக்கிற frequency separation-ஐ ஏன் சொல்லவில்லை என்று இதைப் படிக்கிற பெரிய ஆட்கள் வருவார்கள். தெரியும், நானும் செய்கிறேன். ஆனால் அதில் பிளர் அளவு தப்பினால் பொரியின் பாதி ஒரு லேயரிலும் பாதி இன்னொன்றிலும் நிற்கும், புதிதாகச் செய்பவர் கீழ் லேயரைத் தேய்த்துத் தேய்த்து மறுபடி அதே மெழுகில்தான் வந்து நிற்பார். ஒரே ஒரு படத்துக்கு நான் மேலே சொன்னதே போதும். போன் ஆப்பில் ஒரே தட்டில் வருமே என்பவர்களுக்கு: போன் அளவில் வரும், 12×36-இல் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. கருமையைக் குறை என்று கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது வேறு. பெண்ணுக்கு மேக்கப்பில் மூன்று ஷேட் ஏற்றிவிட்டு, மாப்பிள்ளையை அதற்கு "மேட்ச் பண்ணுங்க" என்பார்கள். ஷேவிங் நிழலை எடுக்கிறேன், அவன் நிறத்தை எடுக்க மாட்டேன். இதனால் இரண்டு ஆர்டர் போயிருக்கிறது. போகட்டும். அதைவிட வலிப்பது, வேலையெல்லாம் முடித்து ஆல்பம் கொடுத்தபின் பாக்கிப் பணத்துக்கு ஆறு மாதம் நடக்கவைப்பது. மண்டபத்துக்கு முன்பணமாகவே முழுத்தொகை கட்டுகிறார்கள், சமையலுக்கு அன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறார்கள், போட்டோக்காரனுக்கு மட்டும் "வயல் அறுப்பு முடியட்டும்". தீர்த்தமலைக் கல்யாணத்தில் அப்படி இல்லை, அந்தக் குடும்பம் ஷீட்டை மறுபடி போட்டுக் கொடுத்த அன்றைக்கே முழுசாகக் கொடுத்தது, அதனால் இதை அவர்கள் மேல் சொல்லவில்லை.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். போனில் வந்த காப்பியில் இதைச் செய்யாதீர்கள், அதில் தாடை ஏற்கெனவே கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், Color லேயர் பூசினால் அந்தக் கட்டம்தான் எடுத்துக் காட்டும். எடுத்தவரிடம் ஒரிஜினல் ஃபைல் கேளுங்கள், ரா இருந்தால் இன்னும் நல்லது. முடித்தபின் லேப்புக்கு முழு ஷீட்டை அனுப்பாமல், தாடையும் கன்னமும் வரும் துண்டை மட்டும் ஆல்பத்தில் வரும் அதே அளவில் வெட்டி 8×12-இல் ஒரு பிரிண்ட் போட்டு, வாசல் வெளிச்சத்தில் வைத்து, அண்ணனைத் தினமும் பார்க்கிற யாரிடமாவது காட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இரண்டாவது தடவை அந்த அம்மாவிடம் முதலில் துண்டுப் பிரிண்ட்தான் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாடிக் கறுப்பு லேசா இருக்குது, இருக்கட்டும், அவனுக்கு அது இருக்கும்" என்றார். ஷீட்டை அதற்கப்புறம்தான் லேப்புக்கு அனுப்பினேன்.