இரண்டு கம்பெனி இணைந்த பிறகு: பதவிப்பெயர், லீவு, சலுகைகள் பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணைப்பு அறிவிப்பைப் பற்றியவை. பதிலுக்கு முன்னால், எல்லோருக்கும் ஒரு வேலை: பழைய எச்.ஆர். போர்ட்டலை மூடுவதற்குள் உங்கள் லீவு பேலன்ஸ், சேர்ந்த தேதி, கிரேடு இந்த மூன்றும் தெரியும் பக்கங்களை, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கேள்வி: நான் மேனேஜர். புதிய பட்டியலில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறையவில்லை. இது பதவி இறக்கமா?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கம்பெனியில் மூன்று பேரைப் பார்த்துக்கொள்பவர் மேனேஜர். இன்னொன்றில் முப்பது பேர் இருந்தால்தான் அந்தப் பெயர். இரண்டையும் ஒரே ஏணியில் ஏற்றும்போது யாராவது ஒருவருடைய பெயர் மாறத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது கிரேடு. அந்த கிரேடின் சம்பள வரம்பில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். உச்சிக்குப் பக்கத்தில் நின்றால், இன்று சம்பளம் குறையாவிட்டாலும் அடுத்த சில வருடங்களுக்கு உயர்வு நின்றுபோக வாய்ப்பு அதிகம். அப்படியானால் மேல்முறையீடு செய்யுங்கள். 'எனக்கு மரியாதை போய்விட்டது' என்று எழுதினால் எடுபடாது. என்ன முடிவுகளை நீங்களே எடுக்கிறீர்கள், எவ்வளவு பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், எத்தனை பேரை மதிப்பீடு செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். கிரேடு ஒப்பீட்டை அதை வைத்துத்தான் செய்கிறார்கள். எது எப்படியானாலும், இன்ன தேதி வரை மேனேஜராக இருந்தேன் என்பதற்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: புதிய சிஸ்டத்தில் என் சேர்ந்த தேதியாக இணைப்பு தேதி வருகிறது. ஒன்பது வருட சர்வீஸ். பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். சர்வீஸைப் பொறுத்து கிடைக்கும் லீவு, நோட்டீஸ் காலம், பணிக்கொடை எல்லாம் அந்த ஒரு தேதியில் தொங்குகின்றன. இன்றே மெயில் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். வாய்மொழியாக 'பார்த்துக்கலாம்' என்றால் ஏற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் லீவு குறையுமா, கூடுமா? உடனே பதில் தேவை.

பழைய விதி என்ன, புதிய விதி என்ன, எந்தத் தேதியிலிருந்து அமல், இன்று கையில் எத்தனை நாள் இருக்கிறது? நான்கில் ஒன்றுகூட எழுதாமல் உடனே பதில் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை எழுதியவரைப் பாருங்கள், எல்லாம் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் பழைய விதிப்படி லீவு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, வருடத்துக்கு 18 நாள். ஜூலை 1 முதல் புதிய விதி: ஜனவரி முதல் டிசம்பர், 21 நாள். இரண்டிலும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் வரம்பு 10 நாள். ஜூன் 30 அன்று என்னிடம் 12 நாள் இருந்தது. டிசம்பருக்குள் 6 நாள் எடுப்பேன், பிப்ரவரியில் தங்கை கல்யாணத்துக்கு 10 நாள். மூன்று நாள் கூடியிருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சரிதானே?

சரியில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருடக்கணக்கில் ஆதங்கம் உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய விதியே தொடர்ந்திருந்தால்: மாதம் 1.5 நாள் வீதம் ஜூலை முதல் மார்ச் வரை 13.5 நாள் சேரும். கையில் இருந்த 12ஐக் கூட்டி, நீங்கள் எடுக்கும் 16ஐக் கழித்தால் மார்ச் முடிவில் 9.5 மிச்சம். வரம்பு 10. ஒரு நாளும் போகாது.

புதிய விதியில்: மாதம் 1.75 வீதம் டிசம்பர் வரை 10.5 சேர்ந்து 22.5 ஆகிறது. 6 எடுத்தால் 16.5. டிசம்பர் 31 இரவு சிஸ்டம் 10ஐ வைத்துக்கொண்டு 6.5 நாளை அழித்துவிடும். பிறகு மார்ச் வரை 5.25 சேர்ந்து, கல்யாணத்துக்கு 10 போனால் மிச்சம் 5.25. ஆக, லீவு 'கூடிய' பிறகும் உங்களுக்கு நாலு நாளுக்கு மேல் நஷ்டம்.

காரணம், இந்த ஒரு முறை உங்கள் லீவு ஆண்டு 12 மாதத்திலிருந்து 9 மாதமாகச் சுருங்கிவிட்டது. காலாவதி நாள் மூன்று மாதம் முன்னால் வந்துவிட்டது. அறிவிப்பில் '18லிருந்து 21' என்று பெரிய எழுத்தில் இருக்கும். இது எங்கேயும் இருக்காது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஜனவரி 2ஆம் தேதி காலை ஒரு சக ஊழியர் பேலன்ஸ் பக்கத்தைத் திறந்து, கணினி தவறு என்று நினைத்து மூன்று முறை புதுப்பித்துப் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு எடுக்கச் சேர்த்து வைத்திருந்த நாட்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை. திரும்பக் கிடைக்கவே இல்லை.

செய்ய வேண்டியது: டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே, உங்களைப் போல் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள். 'ஜூன் 30 அன்று இருந்த பேலன்ஸ் அடுத்த மார்ச் 31 வரை காலாவதியாகாது. எடுக்கும் லீவு முதலில் அதிலிருந்தே கழியும்.' இது இருந்தால் டிசம்பரில் பழைய கணக்கில் 6, புதியதில் 10.5 இருக்கும். உங்களுக்குப் போவது அரை நாள்தான். மெயிலில் சம்மதித்தால் மட்டும் போதாது, சிஸ்டத்திலும் அந்த விதிவிலக்கைப் போட்டாயிற்றா என்று நவம்பரில் ஒருமுறை கேளுங்கள். அழிப்பது சிஸ்டம், அதற்கு மெயில் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டை மறக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, இணைப்புக்கு அடுத்த மாதம். புதிய குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோருக்கும் உண்டு என்கிறார்கள். நம்பலாமா?

பெற்றோர் உண்டா என்பது பாதிக் கேள்விதான். காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடைவெளி இல்லாமல் பாதுகாப்பு தொடருமா, அறுவை சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். பதில் எச்.ஆரிடமிருந்து அல்ல, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வர வேண்டும். பொதுவாக, அட்மிட் ஆகும் நாளில் எந்த பாலிசி நடப்பில் இருக்கிறதோ அதுதான் பேசும். டாக்டர் சம்மதித்தால், பழைய பாலிசி முடிவதற்குள் செய்துகொள்வதையும் யோசியுங்கள்.

கேள்வி: நான் எச்.ஆரில் இருக்கிறேன். அறிவிப்பில் 'இரு நிறுவனங்களிலும் சிறந்ததையே எடுத்திருக்கிறோம்' என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

உண்மையாக இருந்தால் எழுதுங்கள். பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் உயர்ந்ததை எடுத்தால் செலவு தாங்காது. எது கூடுகிறது, எது குறைகிறது, யாருக்கு, எந்தத் தேதி முதல் என்று நான்கு பத்தியில் ஒரு அட்டவணை போடுங்கள். குறைவதை முதல் வரிசையில் போடுங்கள். மேலே உள்ள லீவு கணக்கையும் உங்கள் ஆட்கள் இரண்டு பேருடைய பேலன்ஸை வைத்துப் போட்டுப் பாருங்கள், அனுப்புவதற்கு முன்பே.